ஒன்பது தேவைப்பட்ட இடம்

மேற்கிந்தியாவின் ஒரு தொழில்நுட்ப உயர்கல்விக் கழகத்தில் நீர்வளப் பொறியியலில் எம்.டெக். முதலாண்டு படித்துக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி, இரண்டாம் பருவத்திற்கான விருப்பப்பாடம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க ஒன்பது நாள்களைச் செலவிட்டாள். உடன் பயின்றவர்களில் பெரும்பாலோர் அதனை ஒரு தேநீர் இடைவேளையில் முடித்திருந்தார்கள். அவள் ஏன் அவ்வளவு நாள் எடுத்துக்கொண்டாள், அந்த நாள்களில் எதையெல்லாம் விசாரித்தாள் என்பது விருப்பப்பாடத் தேர்வின் முன் நிற்கும் எவருக்கும் பயன்படக்கூடியது.

முதற்பருவத்தில் பதினாறு கிரெடிட் பாடங்களில் அவள் பெற்ற மொத்தப் புள்ளிகள் 126. அதாவது சராசரி 7.88. முதுநிலைப் பட்டத்தின் நடுவிலேயே முனைவர் பட்டத்திற்கு மாற விரும்புவோர், இரண்டு பருவங்களின் முடிவில் சராசரி 8 வைத்திருக்க வேண்டும் என்பது அக்கழகத்தின் விதி. இரண்டு பருவங்களுக்கும் சேர்த்து முப்பத்திரண்டு கிரெடிட். எட்டுச் சராசரிக்கு 256 புள்ளிகள். ஆகவே இரண்டாம் பருவத்தில் அவளுக்கு 130 புள்ளிகள் வேண்டும். மூன்று கிரெடிட் பாடங்கள் ஐந்திலும் எட்டு வாங்கி, ஒரு கிரெடிட் கருத்தரங்கில் முன்போலவே ஒன்பது வாங்கினால் 129 தான் வரும். ஒரு புள்ளி குறையும். மூன்று கிரெடிட் பாடம் ஏதேனும் ஒன்றில் ஒன்பது கிடைத்து, வேறெதிலும் ஏழுக்கு இறங்காமல் இருந்தால் எல்லையைக் கடக்கலாம். ஒன்றில் ஒன்பதும் மற்றொன்றில் ஏழும் வந்தால், ஒன்று மற்றொன்றைத் தின்றுவிடும்.

இந்தக் கணக்கை அவள் முதலிலேயே போட்டுப் பார்த்தது முக்கியம். பலர் கடந்த ஆண்டுகளின் தரப்புள்ளிப் பட்டியலைத்தான் முதலில் திறக்கிறார்கள். தமக்கு எவ்வளவு தேவை என்று தெரியாமல் திறந்தால், உயர்ந்த சராசரியுள்ள பாடமெல்லாம் நல்ல பாடமாகத் தோன்றும். பட்டப்படிப்பு முழுவதையும் கணக்கில் எடுத்தால் மூன்று கிரெடிட் பாடம் ஒன்றில் ஒரு புள்ளி கூடுவதோ குறைவதோ பெரிய மாற்றமன்று. அறுபத்துநான்கு கிரெடிட் கொண்ட படிப்பில் அது மொத்தச் சராசரியை ஏறத்தாழ 0.05 மட்டுமே அசைக்கும். எல்லைக்கோட்டுக்கு அருகில் நிற்காத மாணவர் அந்த 0.05-க்காக விருப்பமில்லாத பாடத்தில் நான்கு மாதம் உட்கார்ந்திருப்பது வீண். இவளோ கோட்டின் மேலேயே நின்றாள்.

கட்டாயப் பாடங்கள் மூன்றும் முன்னரே முடிவானவை. விருப்பப்பாடங்கள் இரண்டில் நிலத்தடி நீரோட்டத்தை அவள் ஐயமின்றி எடுத்துக்கொண்டாள்; கிணறுகளின் நீர்மட்டத்தைப் பற்றித்தான் ஆய்வு செய்யப் போகிறாள் என்பது உறுதி. மிஞ்சிய ஓரிடத்திற்கு இரண்டு பாடங்கள் போட்டியிட்டன. ஒன்று, தொலையுணர்வும் புவியியல் தகவல் முறைமையும். மாணவர் வழக்கில் ஜி.ஐ.எஸ். மற்றொன்று, நிகழ்தகவு நீரியல். மழையையும் நீரோட்டத்தையும் சமவாய்ப்பு மாறிகளாகக் கொண்டு அணுகும் கணிதப் பாடம். நீர்க்கொள்கை பற்றிய மூன்றாவது பாடம் ஒன்றும் இருந்தது. ‘உட்கார்ந்தால் போதும், பத்து’ என்று பெயர் பெற்றிருந்த அது அவளுடைய கட்டாயப் பாடமொன்றின் ஸ்லாட்டிலேயே விழுந்ததால் ஆசைப்படும் சிரமம்கூட இல்லாமல் போயிற்று.

அக்கழகம் முந்தைய ஆண்டுகளின் தரப்புள்ளிப் பரவலை மாணவர்கள் பார்க்கும்படி வைத்திருந்தது. கடந்த ஆண்டு ஜி.ஐ.எஸ். பாடத்தை முடித்த அறுபது பேரில் இருபத்தொருவர் பத்துப் புள்ளியும், இருபத்துநால்வர் ஒன்பதும், பன்னிருவர் எட்டும், மூவர் ஏழும் பெற்றிருந்தனர். சராசரி 9.05. நிகழ்தகவு நீரியலை முடித்தவர்கள் பதினால்வரே. பத்து இருவருக்கு, ஒன்பது மூவருக்கு, எட்டு நால்வருக்கு, ஏழு மூவருக்கு, ஆறு இருவருக்கு. சராசரி சரியாக 8. ஒன்பது தேவைப்படும் மாணவிக்கு இதற்கு மேல் என்ன விசாரணை வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. ஒரு பாடத்தில் நான்கில் மூன்று பங்கினருக்கு ஒன்பதோ அதற்கு மேலோ கிடைத்திருக்கிறது. மற்றொன்றில் மூன்றில் ஒரு பங்கினருக்குச் சற்றே கூடுதலாக.

அவள் தயங்கியதற்குக் காரணம் அவளுடைய சொந்த மதிப்பெண் பட்டியலே. முதற்பருவத்தின் பாடங்களில் மூன்றை எடுத்து, ஒவ்வொன்றிலும் வகுப்பின் சராசரியையும் தன் புள்ளியையும் அருகருகே எழுதினாள். நீரியலில் வகுப்புச் சராசரி 7.8, அவளுக்கு 8. எண்முறைக் கணிப்பில் வகுப்புச் சராசரி 7.4, அவளுக்கு 8. குழுத்திட்டத்தை முதன்மையாகக் கொண்ட நீர்ப்பாசன வடிவமைப்புப் பாடத்தில் வகுப்புச் சராசரி 8.7; அங்கும் அவளுக்கு 8 தான். மூன்றிலும் ஒரே புள்ளி வாங்கியிருந்தாலும் மூன்றும் ஒரே நிலையைக் காட்டவில்லை. நிரல் எழுதிக் கணக்குப் போடும் பாடத்தில் அவள் வகுப்பைவிட 0.6 மேலே, குழுவாகச் செய்து அறிக்கை சமர்ப்பிக்கும் பாடத்தில் வகுப்பைவிட 0.7 கீழே.

ஜி.ஐ.எஸ். பாடத்தின் மதிப்பெண்ணில் பாதி குழுத்திட்டத்திற்கு உரியது. முந்தைய பருவத்தின் போக்கே தொடருமானால் 9.05-இலிருந்து 0.7 கழித்து அவள் 8.35 அளவில் நிற்பாள். கையில் வருவது எட்டாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. நிகழ்தகவு நீரியல் தனித்தனியாகச் செய்யும் கணக்கும் நிரலும் நிறைந்தது. அங்கே 8-உடன் 0.6 கூட்டினால் 8.6. எட்டாகவும் இருக்கலாம், ஒன்பதாகவும் இருக்கலாம். பரவல் பட்டியலில் ஒரு முழுப் புள்ளியாகத் தெரிந்த இடைவெளி, தன்னை அதற்குள் வைத்துப் பார்த்ததும் காணாமற்போயிற்று. மூன்று பாடங்களை வைத்து இப்படி ஒரு முடிவுக்கு வருவது நலிந்த வாதம் என்பதை அவள் அறிந்தே இருந்தாள். ஆனால் தன்னைப் பற்றிய மூன்று சான்றுகள், முகம் தெரியாத அறுபது பேரைப் பற்றிய சான்றைவிட இந்தக் கேள்விக்கு நெருக்கமானவை.

அந்த 8.6-ஐ நம்பலாமா என்பது அடுத்த ஐயம். வகுப்புச் சராசரியோடு தன்னை ஒப்பிடும்போது, இரு வகுப்புகளிலும் அமர்ந்திருப்பவர்கள் ஒரே தரத்தினர் என்று சொல்லாமலே கொள்கிறோம். கட்டாயப் பாடத்தில் அவளோடு இருந்தவர்கள் எல்லோரும் எம்.டெக். மாணவர்கள். நிகழ்தகவு நீரியலை முடித்த பதினால்வரில் அறுவர் ஆய்வு மாணவர்கள் என்பது ஒரு சீனியரிடம் கேட்டபோது தெரிந்தது. பத்துப் புள்ளி வாங்கிய இருவருமே அந்த அறுவரைச் சேர்ந்தவர்கள். பரவல் பட்டியல் இந்தப் பிரிவைக் காட்டுவதில்லை. எம்.டெக். மாணவர்கள் எண்மரில் மூவர் தம் புள்ளிகளைச் சொன்னார்கள்: எட்டு, எட்டு, ஏழு. ஆறு வாங்கிய எவரும் அகப்படவில்லை. குறைந்த புள்ளி பெற்றவர் தேடி வந்து சொல்லமாட்டார். சீனியர்களிடம் கேட்டுத் திரட்டும் எண்ணிக்கை எப்போதும் கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும்.

பதினான்கு பேர் என்பதும் மிகச் சிறிய எண். அங்கே ஒரு மாணவர் என்றாலே ஏழு விழுக்காடு. இரண்டு பேர் கூடுதலாக நன்றாக எழுதியிருந்தால் பட்டியலின் வடிவமே மாறியிருக்கும். எனவே அவள் மூன்று ஆண்டுகளின் பட்டியல்களை அடுக்கிப் பார்த்தாள். மூன்றாண்டுகளுக்கு முன் சராசரி 8.1; அதற்கடுத்த ஆண்டு 8.9; கடந்த ஆண்டு 8. நடுவில் மட்டும் ஏறிய காரணத்தைப் பழைய கால அட்டவணை சொல்லிற்று: அவ்வாண்டு பாடம் நடத்தியவர் வேறு பேராசிரியர். வரும் பருவத்தில் நடத்தப் போகிறவர் 8.1-க்கும் 8-க்கும் உரியவர். மூன்றாண்டுகளையும் கூட்டிச் சராசரி எடுத்திருந்தால் 8.3 என்று ஓர் எண் வந்திருக்கும். அந்த எண்ணுக்கு உரிய வகுப்பு எங்குமே நடந்ததில்லை. பாடத்தின் குறியீட்டு எண் ஒன்றாகவே இருந்தாலும் தரப்புள்ளிப் போக்கு பெரும்பாலும் நடத்துபவரைத்தான் பின்தொடர்கிறது.

இவ்வளவும் முடித்தவர்களைப் பற்றியவை. கடந்த ஆண்டு முதல் வாரத்தில் வகுப்பு மாணவர்களுக்குச் சென்ற மின்னஞ்சலில் இருபத்துமூன்று முகவரிகள் இருந்தன. அப்படியானால் ஒன்பது பேர் இடையில் விலகியிருக்கிறார்கள். ஜி.ஐ.எஸ். பாடத்தில் விலகியவர் இருவர் மட்டுமே. விலகியவர்கள் எந்தப் பரவல் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை. ஐந்தில் இரண்டு பங்கினர் வெளியேறிய பின் எஞ்சியவர்களின் சராசரி 8 என்றால், வெளியேறாமல் இருந்திருந்தால் அது எவ்வளவாக இருந்திருக்கும் என்ற அச்சம் நியாயமானதே. அவள் செய்தவற்றுள் மிகவும் பயனுடையது இங்கேதான் நடந்தது: விலகியவர்களைத் தேடிப் போனாள்.

ஒன்பதில் நால்வர் பேசினார்கள். ஒருவருடைய கட்டாயப் பாடத்தின் ஸ்லாட் இரண்டாம் வாரத்தில் மாற்றப்பட்டு இதனோடு மோதியதால் விலகியிருந்தார். இன்னொருவர் தொடக்கத்திலேயே ஒரு பாடம் கூடுதலாகப் பதிந்து, இரண்டு வாரம் எல்லாவற்றிலும் உட்கார்ந்து பார்த்துப் பிடிக்காததை விடுவது என்ற திட்டத்தோடு வந்தவர். (இது பரவலான பழக்கம், அந்த இரண்டு வாரம் காத்திருப்போர் பட்டியலில் நிற்கும் ஒருவருக்கு அதனால் நேரும் இழப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை.) மூன்றாமவர் துறையே மாறிப் போய்விட்டார். நான்காமவர் சொன்னதுதான் அவளுக்கு வேண்டிய செய்தி.

“முதல் பணித்தாள் வரைக்கும் ஒன்றுமில்லை. இரண்டாவதில், முப்பது மழைமானி நிலையங்களின் தரவைக் கொடுத்து உடன்மாறுபாட்டு அணியைக் கட்டமைக்கச் சொன்னார். எனக்கு இளநிலையில் நிகழ்தகவு ஒரு பாடமாகவே இருந்ததில்லை. நான்கு நாள் உட்கார்ந்தேன், முடியவில்லை. மூன்றாம் வாரம் விலகிவிட்டேன். உனக்கு அது மூன்றாம் வாரத்திலேயே தெரிந்துவிடும், அது ஒரு நல்ல விஷயம்.”

பாடத்தைக் கைவிடுவதற்கான இறுதிநாள் நான்காம் வாரத்தின் வெள்ளிக்கிழமை. அதற்கு முன் விலகினால் மதிப்பெண் சான்றில் சுவடு இராது; பின்னர் விலகினால் ‘விலகியவர்’ என்ற குறி நிலைத்துவிடும். ஆக, இந்தப் பாடத்தின் இடர் தன் முகத்தை இறுதிநாளுக்கு முன்பே காட்டிவிடுகிறது. ஜி.ஐ.எஸ். பாடத்தின் இடரோ குழுத்திட்டத்தில் இருந்தது. குழுக்கள் ஒன்பதாம் வாரத்தில் அகரவரிசைப்படி அமைக்கப்பட்டன. யாரோடு சேர்க்கப்படுவோம் என்பது தெரியவரும்போது கைவிடும் நாள் எப்போதோ கடந்திருக்கும். இந்த வேறுபாட்டை எந்தச் சராசரியும் சொல்லியிருக்காது.

சீனியர்களிடம் அவள் தொடக்கத்தில் கேட்ட கேள்வி எல்லோரும் கேட்பதுதான்: “இந்தப் பாடம் கடினமா?” விடைகளும் எல்லோரும் பெறுபவையே. “கொஞ்சம் கடினம்தான், ஆனால் நன்றாக இருக்கும்.” இதில் கைக்கொள்ள ஒன்றுமில்லை. மூன்றாவது சீனியரிடம் போனபோது அவள் கேள்வியை மாற்றினாள். பருவத்தின் எந்த வாரத்தில் இந்தப் பாடத்திற்கு மிகுதியான நேரம் செலவாயிற்று, அந்த வாரத்தில் எத்தனை மணி நேரம், அந்த நேரம் எதற்குப் போயிற்று என்று கேட்டாள். ‘கடினமா’ என்றால் மனிதர்கள் தம் கருத்தைச் சொல்கிறார்கள். ‘எந்த வாரம்’ என்றால் நினைவைத் துழாவுகிறார்கள். ஒருவர் தம் கைப்பேசியில் பழைய சமர்ப்பிப்புத் தேதிகளையே எடுத்துக் காட்டினார். சேரும்போது அவருக்கு என்ன தெரிந்திருந்தது என்பதையும் அவள் உடன் கேட்டுக்கொண்டாள். கணிதத்தில் இளநிலை முடித்து வந்தவர் ஆறு மணி நேரம் என்பதும், கட்டடப் பொறியியலிலிருந்து வந்தவர் ஆறு மணி நேரம் என்பதும் ஒன்றல்ல.

இந்த விடைகளிலிருந்து அவள் வேலைச்சுமையைக் கட்டியெழுப்பினாள். தேசியக் கிரெடிட் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது முப்பது மணி நேரக் கற்றல். எனவே மூன்று கிரெடிட் பாடம் எதுவாயினும் ஒரு பருவத்திற்குத் தொண்ணூறு மணி. காகிதத்தில் இரண்டு பாடங்களும் சமம். நடைமுறையில் ஜி.ஐ.எஸ். பாடத்திற்கு வாரம் நான்கு மணி வகுப்பும் செய்முறையுமாகப் பதினான்கு வாரத்தில் ஐம்பத்தாறு மணி, அதன்மேல் திட்டப்பணிக்கு நாற்பது மணி, மொத்தம் தொண்ணூற்றாறு. நிகழ்தகவு நீரியலுக்கு வாரம் மூன்று மணி வகுப்பாக நாற்பத்திரண்டு மணி, ஆறு பணித்தாள்களுக்கு எட்டெட்டு மணியாக நாற்பத்தெட்டு, தேர்வுக்குப் படிக்கப் பதினைந்து, மொத்தம் நூற்றைந்து. கூட்டிப் பார்த்தால் பின்னதே கனமானது.

கூட்டுத்தொகையோடு நின்றிருந்தால் தவறான பக்கம் சாய்ந்திருப்பாள். திட்டப்பணியின் நாற்பது மணியும் கடைசி நான்கு வாரங்களில் குவிகின்றன. அந்த வாரங்களில் ஜி.ஐ.எஸ். வாரத்திற்குப் பதினான்கு மணியைக் கேட்கும். பணித்தாள்களோ இரண்டு வாரத்திற்கு ஒன்றாகப் பரவியிருந்தன. எந்த வாரத்திலும் வகுப்பும் சேர்த்து ஏழு மணியைத் தாண்டவில்லை. அதே கடைசி வாரங்களில் நிலத்தடி நீரோட்டப் பாடத்திற்கும் ஒரு மாதிரியாக்கத் திட்டம் உண்டு: வகுப்போடு சேர்த்து வாரம் பன்னிரண்டு மணி. கட்டாயப் பாடங்கள் மூன்றின் வகுப்புகளுக்கு ஒன்பது மணி, படிப்புக்கு இன்னொரு ஒன்பது. இவற்றோடு கேட் தேர்வு வழி சேர்ந்து உதவித்தொகை பெறும் எம்.டெக். மாணவர்களுக்குரிய வாரம் எட்டு மணி நேரக் கற்பித்தல் உதவிப் பணி. பன்னிரண்டாயிரத்து நானூறு ரூபாய் அந்த எட்டு மணி நேரத்திற்குத்தான் வருகிறது; அதை விட்டுக்கொடுக்க இயலாது. இவை மட்டும் முப்பத்தெட்டு மணி. அதன்மேல் நிகழ்தகவு நீரியல் என்றால் நாற்பத்தைந்து, ஜி.ஐ.எஸ். என்றால் ஐம்பத்திரண்டு. அந்த ஏழு மணி வேறுபாடு விழுவது கட்டாயப் பாடங்களின் இறுதித்தேர்வுக்கு முந்தைய நாள்களில். ஒரு விருப்பப்பாடத்தின் எளிமைக்குக் கட்டாயப் பாடம் ஒன்று ஏழுக்கு இறங்கி விலை கொடுக்க நேரலாம்.

கால அட்டவணையைப் பொறுத்தவரை வகுப்பு ஸ்லாட்டுகள் இரண்டு பாடங்களுக்குமே பொருந்தின. பெரும்பாலோர் அத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். ஜி.ஐ.எஸ். செய்முறைக்குச் செவ்வாய்ப் பிற்பகல் ஒரு தொகுதியும் புதன் பிற்பகல் ஒரு தொகுதியும் இருந்தன. அவள் உதவிப் பணி செய்யும் பாய்ம இயக்கவியல் ஆய்வகமும் செவ்வாய்ப் பிற்பகலில்தான். எந்தத் தொகுதி கிடைக்கும் என்று முன்கூட்டியே அறிய முடியுமா எனப் பொறுப்பாளருக்கு எழுதினாள். பதிவு முடிந்த பின்னரே ஒதுக்கப்படும் என்று ஒரு வரியில் விடை வந்தது. தேர்வு அட்டவணை வகுப்பு ஸ்லாட்டையே பின்பற்றி அமைவதால் அதையும் பார்த்தாள்: நிகழ்தகவு நீரியலின் இறுதித்தேர்வு, கட்டாயப் பாடம் ஒன்றின் தேர்வுக்கு மறுநாள் காலை வந்தது. அது விரும்பத்தக்கதன்று. ஆயினும் செவ்வாய்ப் பிற்பகல் மோதலைப் போலன்றி, இது இரண்டு மாதம் முன்பே தெரிந்த இடர்.

ஆலோசகரைச் சந்திக்க அவள் எல்லாவற்றுக்கும் பின்னரே சென்றாள். மாணவர் பலரும் முதலில் அவரிடம்தான் போகிறார்கள். “எதை எடுக்கட்டும், சார்?” என்கிறார்கள், “எதில் ஆர்வமோ அதை எடு” என்ற விடையோடு திரும்புகிறார்கள். அந்த விடைக்கு ஆலோசகரைக் குறைகூற முடியாது. மாணவரின் மணிக்கணக்கோ தரப்புள்ளி வரலாறோ அவர் முன் இல்லை. தம் சக பேராசிரியர் புள்ளி வழங்கும் முறையைப் பற்றி அவர் வாய்திறக்கப் போவதுமில்லை. அவர் மட்டுமே அறிந்தவை வேறு உண்டு. அவற்றைக் கேட்க வேண்டும்.

அவள் கேட்டவை இரண்டு. “இந்த இரண்டில் எது, சார், ஆய்வு தொடங்கிய பிறகு நானாகவே கற்றுக்கொள்ளக்கூடியது, எது வகுப்பில் உட்கார்ந்தே கற்க வேண்டியது?” அவர் சற்று யோசித்தார்.

“ஜி.ஐ.எஸ். மென்பொருளை நீ தேவைப்படும்போது இரண்டு வாரத்தில் பிடித்துக்கொள்வாய். கியூஜிஐஎஸ் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் உன் ஆய்வில் நீ என்ன செய்யப் போகிறாய்? கண்காணிப்புக் கிணறுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஆண்டுக்கு நான்கு முறை அளக்கிறது. இரண்டு கிணறுகளுக்கு நடுவில் நீர்மட்டம் என்ன என்று நீ மதிப்பிட வேண்டும். அந்த மதிப்பீடு எவ்வளவு தவறாக இருக்கலாம் என்றும் சொல்ல வேண்டும். மென்பொருளில் ஒரு பொத்தானை அழுத்தினால் கிரிகிங் வரைபடம் வந்துவிடும். வந்த வரைபடம் அபத்தமா இல்லையா என்று கண்டுபிடிக்க நிகழ்தகவு தெரிந்திருக்க வேண்டும். அதைத் தனியாகப் படித்துத் தேறியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.”

தென்னாப்பிரிக்கச் சுரங்கப் பொறியாளர் டேனி கிரிக்கின் பெயரால் வழங்கும் அம்முறை, தொலைவு கூடக்கூட இரண்டு இடங்களின் அளவீடுகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதை முதலில் ஒரு வளைகோடாக வரைந்து, அதிலிருந்து இடைப்பட்ட இடத்தின் மதிப்பைக் கணிக்கிறது. வளைகோட்டைத் தவறாகப் பொருத்தினாலும் வரைபடம் அழகாகவே வரும். ஆலோசகர் சுட்டியது அந்த அழகின் அபாயத்தைத்தான்.

அவளுடைய இரண்டாம் கேள்வி எளியது: இந்தப் பாடங்கள் அடுத்த ஆண்டும் நடக்குமா? ஜி.ஐ.எஸ். ஒவ்வோராண்டும் நடக்கும் என்றார் அவர். நிகழ்தகவு நீரியலை நடத்துபவர் அடுத்த கல்வியாண்டில் ஆய்வு விடுப்பில் செல்லத் திட்டமிட்டிருக்கிறார். வேறு ஒருவர் எடுப்பாரா என்பது முடிவாகவில்லை. இந்தச் செய்தி எந்தப் பட்டியலிலும் இல்லை. மூத்த மாணவர் எவருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ‘இந்தப் பருவத்தில் புள்ளிக்காக ஒன்று, அடுத்த ஆண்டு அறிவுக்காக மற்றொன்று’ என்று அவள் மனத்தில் ஒதுக்கி வைத்திருந்த சமரச வழி அங்கேயே அடைபட்டது. புள்ளி வேண்டாம், செவிமடுப்பவராக மட்டும் அமர்கிறேன் என்ற வழி இன்னும் திறந்திருந்தது. ஆனால் பணித்தாள்களைச் செய்யாமல் அந்தப் பாடத்தில் அமர்வதில் பயனில்லை என்பதும், செய்தால் நூற்றைந்து மணியில் பெரும்பகுதி எப்படியும் போய்விடும் என்பதும் தெளிவாகவே இருந்தன.

பதிவு முடிவடைந்த இரவு அவள் நிகழ்தகவு நீரியலைப் பதிந்தாள். அதற்கு முன் நான்காமவரின் பேச்சை நினைவில் வைத்து, கடந்த ஆண்டின் இரண்டாம் பணித்தாளைக் கேட்டு வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதனோடு உட்கார்ந்திருந்தாள். அணியைக் கட்டமைக்க ஏழு மணி நேரம் ஆயிற்று. ஓரிடத்தில் விடை தவறு. கைவிடும் நாள்வரை பொறுத்துப் பார்க்க அது போதுமான நம்பிக்கையைத் தந்தது. ஜி.ஐ.எஸ். வகுப்பின் காத்திருப்போர் பட்டியலில் தன் பெயரை அவள் சேர்க்கவில்லை.

பருவம் முடிந்தபோது நிகழ்தகவு நீரியலில் அவளுக்கு எட்டே கிடைத்தது. மறுநாள் காலைத் தேர்வு அவள் எதிர்பார்த்ததைவிட அதிகமாகக் காயப்படுத்தியிருந்தது. ஒன்பது வந்தது நிலத்தடி நீரோட்டத்தில். கடைசி நான்கு வாரங்களில் அந்தத் திட்டத்திற்கு நேரம் இருந்தது. கட்டாயப் பாடங்கள் மூன்றும் எட்டில் நின்றன. கருத்தரங்கில் இம்முறையும் ஒன்பது. இரண்டாம் பருவத்தின் மொத்தம் 132, இரு பருவங்களுக்கும் 258, சராசரி 8.06. ஜி.ஐ.எஸ். எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எவராலும் சொல்ல முடியாது. பத்தே வாங்கியிருக்கவும் கூடும்.

கியூஜிஐஎஸ் மென்பொருளை அவள் மே மாதத்தில் தானாகக் கற்கத் தொடங்கினாள். ஆலோசகர் சொன்ன இரண்டு வாரம் ஐந்து வாரமாக நீண்டது. அதில் பத்து நாள்கள் வெவ்வேறு ஆய உறவு முறைகளில் இருந்த கிணறுகளின் இருப்பிடங்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்துவதிலேயே கழிந்தன. தான் கண்டறிந்த வாரவாரியான மணிக்கணக்கைத் துறையின் மாணவர் பகிர்கோப்பில் போட்டுவைத்தாள். ஒவ்வொரு வரியிலும் அந்த மணிக்கணக்கைச் சொன்னவர் இளநிலையில் எதைப் படித்தவர் என்பதற்கும், பாடத்தை முடித்தாரா விலகினாரா என்பதற்கும் தனித்தனியே ஒரு பத்தி ஒதுக்கியிருந்தாள். ஜூலையில் வந்த புதிய மாணவர்களில் ஒருவர், நிகழ்தகவு நீரியல் வரும் பருவத்தில் உண்டா என்று அந்தக் கோப்பிலேயே கேட்டிருந்தார். இல்லை என்று அவள் எழுதினாள்; கணிதத் துறையில் நடக்கும் தற்போக்குச் செயல்முறைப் பாடத்தின் ஸ்லாட்டையும், அதனைச் சென்ற ஆண்டு இடையில் விட்ட ஒருவரின் அறை எண்ணையும் அதன்கீழ்க் குறித்தாள்.